கார்டு இருக்கு அண்ணே… எவ்வளவுக்கு இருக்கு?

தீபாவளிக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தான். செம்பனை ஆலையில் வேலை. போனஸ் வந்திருந்தது. ஏற்கெனவே சேர்த்ததையும் கூட்டினால் கையில் 12,000 வெள்ளி. முழுவதையும், பலருடைய காசைச் சேர்த்துச் சந்தையில் முதலீடு செய்யும் ஒரு யூனிட் டிரஸ்டில் போட்டுவிட்டு, அப்புறம் மாதம் 300 வெள்ளி கட்டலாம் என்பது அவன் திட்டம்.

"நல்ல ஃபண்டா அண்ணே?" என்றான்.

ஃபண்டு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆலை ஆபீஸில் பதினாறு வருடம் கிராணி வேலை பார்த்தவன் நான். தொழிலாளர்களின் மெடிக்கல் கார்டு, ஆஸ்பத்திரி பில், லீவு பாரம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அதனால் என் வாயில் வந்தது வேறு கேள்வி: "வீட்டுல யாராவது படுத்துட்டா பில்லு யாருப்பா கட்டுவா?"

"அதான் கம்பெனி கார்டு இருக்கே."

சரி, கொண்டு வா பார்க்கலாம் என்றேன். கார்டை மட்டும் கொண்டு வந்தான். பிளாஸ்டிக் கார்டில் பெயரும் ஓர் எண்ணும்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அது இல்லை. அதோடு வரும் சலுகை அட்டவணை என்று ஒரு தாள் இருக்கும். எதற்கு எவ்வளவு வரை என்பது அதில்தான் இருக்கிறது. பலரும் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. தம்பியும் அதை ஹெச்.ஆரில் கேட்டுத்தான் வாங்கி வந்தான்.

அந்தத் தாளில் முதலில் பார்த்தது யார் யார் பெயர் இருக்கிறது என்று. 'தொழிலாளி மட்டும்' என்று இருந்தது. மனைவி இல்லை, இரண்டு பிள்ளைகள் இல்லை, கூடவே இருக்கும் 67 வயது அம்மா இல்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவனுக்குத்தான் கார்டு. மூன்று வருடமாகக் குடும்பத்துக்கே கார்டு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இரண்டாவது, தொகை. 20,000 வெள்ளி என்று இருந்தது. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தொகை இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ஆண்டு வரம்பு: ஒரு வருடத்தில் எத்தனை தடவை படுத்தாலும் மொத்தமாக இவ்வளவு. இன்னொன்று 'ஒரு நோய்க்கு இவ்வளவு' என்ற வரம்பு. கம்பெனி கார்டுகளில் இந்த இரண்டாவது வகையை அடிக்கடி பார்த்திருக்கிறேன். தம்பியுடையதும் அதுதான். ஒரே காரணத்தால் வரும் நோயும் அதன் சிக்கல்களும் எத்தனை தடவை அட்மிட் ஆனாலும் ஒரே கணக்கில் சேரும். முழுக்கக் குணமாகி, கடைசியாக டிஸ்சார்ஜ் ஆன பிறகு 90 நாளாவது அதே நோய்க்குச் சிகிச்சை இல்லாமல் இருந்தால்தான் அது புதுக் கணக்காகும். பெரும்பாலான பாலிசிகளில் இந்த 90 நாள் வாசகம் இருக்கிறது.

புரிய வைக்க ஒரு பில் போட்டுக் காட்டினேன். தொகைகள் கற்பனைதான், ஆனால் என் மேசையில் பார்த்த பில்களை ஒட்டியவை. திடீரென்று அவனுக்கு நெஞ்சு வலி. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனை. இதய ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கிறார்கள். பில் 38,000 வெள்ளி. கார்டு 20,000 கட்டும், மீதி 18,000 அவன் தலையில். ஆறு வாரம் கழித்து மறுபடியும் வலி, இரண்டு நாள் அட்மிட், 6,000 வெள்ளி. 90 நாள் ஆகவில்லை, அதே நோய், வரம்பும் தீர்ந்துவிட்டது. அந்த 6,000-மும் அவனே கட்ட வேண்டும். ஆக மொத்தம் 24,000 வெள்ளி.

இதை எழுதிவிட்டு, பக்கத்தில் அவனுடைய முதலீட்டை எழுதினேன். 12,000 போடுகிறான். விற்பனைக் கட்டணம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 11,400 தான் உள்ளே போகும். அந்தச் சமயம் பார்த்துச் சந்தை 15 விழுக்காடு இறங்கியிருந்தால் 9,690. இறங்கினால் என்ன, காத்திருந்தால் ஏறும் என்பார்கள். காத்திருக்க முடிந்தவனுக்கு அது சரி. பில்லைக் கையில் வைத்திருப்பவன் அன்றைய விலைக்கு விற்றுத்தான் ஆக வேண்டும். 2,310 வெள்ளி போய்விட்டது, பில்லுக்கும் பாதிகூடத் தேறவில்லை. யூனிட்டை விற்றால் காசு அன்றே கைக்கு வராது, சில நாள் ஆகும் என்பது தனிக் கதை.

இன்னொரு சின்ன விஷயம், அறை. தாளில் அறை வாடகை ஒரு நாளைக்கு இவ்வளவு என்று இருக்கும். அதைவிட விலை கூடிய அறையில் படுத்தால் வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். சில பாலிசிகளில் அப்படி இல்லை. வித்தியாசத்தோடு, மற்ற செலவுகளிலும் 20 விழுக்காட்டை நாமே கட்ட வேண்டும். எங்கள் ஆலையில் ஒருவர் ஜன்னல் உள்ள அறை கேட்டு வாங்கினார். டிஸ்சார்ஜ் அன்று மனைவி எனக்குப் போன் பண்ணி அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சொக்சோ இருக்குல்லண்ணே?" என்றான். எல்லாரும் கேட்பதுதான். சொக்சோ வேலையில் அடிபட்டால், வேலையால் நோய் வந்தால் பார்க்கும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால் நிபந்தனைக்கு உட்பட்டு ஓய்வூதியம் தரும். பித்தப்பைக் கல்லுக்குத் தனியார் மருத்துவமனையில் கட்டிய பில்லை அது தராது.

அப்புறம் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்களுக்கு உண்மையான காப்பு அரசாங்க ஆஸ்பத்திரிதான். சுங்கை சிப்புட்டிலேயே ஒன்று இருக்கிறது. பெரிய கேஸ் என்றால் ஈப்போவுக்கு அனுப்புவார்கள். குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 வெள்ளி. வெளிநோயாளிக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. உயிர் போகிற அவசரத்துக்கு அங்கேயே பார்த்துவிடுவார்கள். அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்குத்தான் வரிசை நீளும். அதனால் நான் 'கார்டு இல்லாவிட்டால் செத்தோம்' என்று பயமுறுத்துகிற ஆள் இல்லை. காத்திருக்க முடியாத, காத்திருக்க மனம் வராத நேரத்துக்குத்தான் தனியார் கார்டு. பெரிய வலி வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம் என்று குடும்பமே தீர்மானமாக இருந்தால் கார்டின் தொகையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது யாரும் அப்படித் தீர்மானமாக இருப்பதில்லை.

அம்மாவை அப்படித்தான் தனியாக வைத்துப் பார்த்தோம். 67 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. இந்த வயதில் புதுக் கார்டு கிடைத்தாலும் விலை எட்டாது, ஏற்கெனவே இருக்கும் நோயைச் சேர்க்கவும் மாட்டார்கள். அவருக்கு கார்டு தேடி அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அரசாங்கக் கிளினிக்கில்தான் மருந்து வாங்குகிறார், அது தொடரட்டும். அதோடு பெக்கா பி40 என்று ஒரு திட்டம் இருக்கிறது. அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறுகிற, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் அதே வயது வரம்புக்குள் வரும் அவர்களுடைய துணைக்கும் இலவச உடல் பரிசோதனை. அதை முதலில் செய்திருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறும்போது காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவிகளுக்கு, ஸ்டென்ட், கண் லென்ஸ் மாதிரி, வாழ்நாளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி கேட்கலாம். அம்மாவுக்கு எஸ்.டி.ஆர். வருகிறது, ஆனால் பரிசோதனைக்குப் போனதே இல்லை. இது காசில்லாமல் முடிகிற வேலை. யூனிட் டிரஸ்டுக்கு முன்னால் இதைச் செய் என்றேன்.

இனி மனைவி, பிள்ளைகள், அவன். இங்கேதான் காசு செலவாகும்.

அவனுக்கு முழுக் கார்டு தேவையில்லை. கம்பெனி 20,000 வரை கட்டுகிறது. அதற்கு மேல் கட்ட ஒன்று இருந்தால் போதும். டிடக்டிபல் உள்ள கார்டு என்பார்கள். பில்லில் முதல் இவ்வளவு வெள்ளியை நீ பார்த்துக்கொள், அதற்கு மேல் நான் கட்டுகிறேன் என்று காப்புறுதிக்காரன் சொல்வது. முதல் தொகை எவ்வளவு கூடுகிறதோ, பிரீமியம் அவ்வளவு குறையும். அவனுக்கு ஆண்டுக்கு 20,000 வெள்ளி டிடக்டிபல் உள்ள கார்டு பார்த்தோம். மேலே போட்ட நெஞ்சு வலிக் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். முதல் பில்லில் 20,000 கம்பெனி, 18,000 இந்தக் கார்டு. அதே வருடத்தில் வரும் இரண்டாவது பில் 6,000. டிடக்டிபல் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் அதுவும் இந்தக் கார்டுதான். 24,000 வெள்ளி ஓட்டை அடைபட்டது.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. வேலை போனால் கம்பெனி கார்டும் போய்விடும். அப்போது அந்த முதல் 20,000 அவன் கையிலிருந்துதான் போக வேண்டும். ஓய்வு பெறும் வயதில் டிடக்டிபலை நீக்கிக்கொள்ளச் சில திட்டங்கள் விடுகின்றன. அப்படி ஒரு ஷரத்து இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் போய்ப் புதுக் கார்டு கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதற்கு அவன் அம்மாவே சாட்சி.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கம்பெனி எதுவும் தரவில்லை. அதனால் அவர்களுக்கு அடியிலிருந்தே கட்டும் கார்டு வேண்டும். ஆளுக்கு 1,000 வெள்ளி டிடக்டிபலோடு எடுத்தோம். 2024 செப்டம்பரிலிருந்து, செலவில் ஒரு பங்கை நாம் ஏற்கும் கோ-பேமெண்ட் கார்டுகளையும் கம்பெனிகள் விற்கும் பட்டியலில் வைத்திருக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா விதி கொண்டு வந்தது. அது பில்லில் குறைந்தது 5 விழுக்காடாகவோ 500 வெள்ளி டிடக்டிபலாகவோ இருக்கும். அந்த வகையை நாமாக விரும்பித்தான் எடுக்கிறோம். பிரீமியம் குறைகிறது என்றால், நோய் வரும் மாதத்தில் கையில் இருந்து போகும் தொகை கூடுகிறது என்று அர்த்தம். அந்தத் தொகை பேங்கில் இருக்க வேண்டும்.

நான்கு பேருக்கும் சேர்த்து மாதம் 330 வெள்ளி அளவில் வந்தது. தம்பி முகம் மாறிவிட்டது. "யூனிட் டிரஸ்டுக்கு வச்சிருந்த 300-மும் போச்சே அண்ணே." போய்விட்டதுதான். மாதம் 3,700 வெள்ளி வருகிற வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த 300-ஐப் போட்டு மூன்று வருடத்தில் அவன் சேர்ப்பதை ஒரு அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் ஒரே வாரத்தில் சாப்பிட்டுவிடும்.

இந்த இடத்தில் ஏஜெண்டு ஒருவர் புகுந்தார். அவன் சித்தப்பா மகன்தான். "கார்டும் இருக்கும், முதலீடும் இருக்கும், ரெண்டும் ஒண்ணுலயே" என்று ஒரு திட்டத்தைக் காட்டினார். முதலீட்டோடு சேர்ந்த காப்புறுதி. அது கெட்டது என்று சொல்ல மாட்டேன், நம்மில் பலரிடம் இருக்கும் கார்டு அந்த வகைதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். நாம் கட்டும் காசில் யூனிட் வாங்குவார்கள். கார்டுக்கான கட்டணத்தை மாதா மாதம் அந்த யூனிட்டை விற்று எடுத்துக்கொள்வார்கள். வயது ஏற ஏறக் கட்டணம் ஏறும். சிகிச்சைச் செலவு ஏறினாலும் ஏற்றுவார்கள். நாம் கட்டும் தொகை அதே இடத்தில் நின்றால் ஒரு கட்டத்தில் யூனிட்டெல்லாம் தீர்ந்து, பாலிசியே காலாவதியாகும். கார்டு ரொம்பத் தேவைப்படுகிற வயதில் அது நடக்கும். வருடத்துக்கு ஒரு தடவை வரும் அறிக்கையில் கணக்கில் மீதி எவ்வளவு, இந்தப் பிரீமியத்தில் எந்த வயது வரை ஓடும் என்று பார்க்க வேண்டும். மீதி வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அடையாளம். எப்படியிருந்தாலும் அந்த யூனிட்டை உங்கள் முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். அது கார்டுக்கு வைத்த தீனி.

கட்டணம் ஏறுவது பற்றி ஒன்று. 2024 கடைசியில் மருத்துவக் காப்புறுதிப் பிரீமியம் பலருக்கு ஒரேயடியாக ஏறி நாடெங்கும் சத்தம் வந்தது. ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்து ஏற்றச் சொல்லி அந்த டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட வேண்டியிருந்தது. இன்றைய 330 நாளைக்கும் 330 ஆக இருக்காது என்று தம்பியிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன்.

பாரம் நிரப்பும்போது ஒரு சங்கடம். இரண்டு வருடத்துக்கு முன் கிளினிக்கில் தம்பிக்குப் பிரஷர் கூடுதலாக இருந்ததாக ஒரு தடவை சொன்னார்களாம், மாத்திரை எதுவும் தரவில்லை. "அதப் போடணுமாண்ணே?" கேள்வி இருந்தால் பதில் எழுது என்றேன். மறைத்துவிட்டு பிற்பாடு நெஞ்சு வலி என்று போனால், காப்புறுதிக்காரன் முதலில் கேட்பது பழைய கிளினிக் ஏட்டைத்தான். எழுதினான். கொஞ்சம் பிரீமியம் கூட்டித்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது நாள் கணக்கு. கார்டு கையில் வந்த அன்றே எல்லாம் ஓடாது. விபத்து என்றால் உடனே உண்டு. பொதுவான நோய்களுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், கட்டி, புற்றுநோய், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், குடலிறக்கம், மூலம், காது மூக்கு தொண்டை, கர்ப்பப்பை, முதுகுத்தண்டு, முழங்கால் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். நம் ஊர் வார்டில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் இதில்தான் இருப்பார்கள். பாலிசி தொடங்கியது நவம்பர் 3. 120 நாள் கணக்குப் போட்டால் மார்ச் 3 வருகிறது. அதுவரை 12,000-த்தில் ஒரு வெள்ளிகூடச் சந்தைக்குப் போகக் கூடாது என்று சொன்னேன். அந்த நாள்களில் மனைவிக்கு வயிற்றில் கல் என்றால் கட்டப்போவது அந்தப் பணம்தான்.

மார்ச் 3க்குப் பிறகு எவ்வளவு போடலாம்? இதையும் ஆஸ்பத்திரியிலிருந்தே எண்ணினோம். ஒரு மோசமான வருடத்தில் வீட்டில் இரண்டு பேர் படுக்கிறார்கள் என்றால் டிடக்டிபல் 2,000. தனியார் மருத்துவமனைகள் அட்மிஷனில் முன்பணம் கேட்கலாம். பில்லை நான் கட்டுகிறேன் என்று காப்புறுதிக்காரன் மருத்துவமனைக்குத் தரும் உத்தரவாதக் கடிதம் வரும்வரை அது நம் காசு. முதலில் வரும் கடிதம் ஒரு தொகைக்குத்தான், இறுதிக் கடிதம் டிஸ்சார்ஜ் அன்றுதான் வரும். அன்று மத்தியானம் முழுக்கக் காத்திருந்து, கட்டாத சில்லறைச் செலவுகளைக் கட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். இதற்கெல்லாம் ஒரு 2,000. அவன் படுத்தால் மருத்துவமனை லீவுக்குச் சட்டப்படி வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளம் உண்டு, ஆனால் ஓவர்டைம் கிடையாது. ஆலைக்காரன் வீடு ஓடுவதே ஓவர்டைமில்தானே? இரண்டு மாதத்துக்கு 1,400. ஈப்போவுக்குப் போய்வர, கூட இருப்பவர் சாப்பிட, அம்மாவின் மருந்துச் செலவு என்று 600. ஆக 6,000 வெள்ளி.

வீட்டு மாதச் செலவு 2,900. மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருப்பது என் பழக்கம், அது 8,700. இரண்டையும் கூட்டினால் 12,000-ஐத் தாண்டிவிடும். ஆனால் ஆஸ்பத்திரிக் காசும் வீட்டுச் செலவுக் காசும் ஓரளவு ஒன்றையொன்று மேவும், ஓவர்டைம் இழப்பை இரண்டு பக்கமும் எண்ண வேண்டாம். அதனால் 9,000 பேங்கில் இருக்கட்டும், 3,000-த்தை மார்ச்சில் போடு என்றேன். இது கணக்கு அல்ல, என் கணிப்பு. அம்மாவின் சர்க்கரை மோசமாக இருந்திருந்தால் 10,000 வை என்று சொல்லியிருப்பேன்.

தம்பிக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. 12,000-த்தோடு வந்தவன் 3,000-த்தோடு போகிறான், அதுவும் நான்கு மாதம் கழித்து. ஆனாலும் மறுநாள் மளிகைக்கடைக் காலண்டரில் மார்ச் 3-ஐ வட்டமிட்டிருந்ததை அவன் வீட்டுச் சுவரில் பார்த்தேன். அதற்கு மேலே, நவம்பர் தாளில் ஒரு வியாழக்கிழமையில், அவன் மனைவியின் கையெழுத்தில் 'அத்தை – பெக்கா' என்று எழுதியிருந்தது.